ஏத்தன் வாழைக்கு மருந்து அட்டவணை: கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

பயிர்ப் பாதுகாப்பு படிக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, ஓர் உதவி வேண்டும்.

திருவட்டாறு பக்கம் ஒரு ஏத்தன் தோட்டத்தில் சிகடோகா இலைப்புள்ளிக்கு அட்டவணை போடுகிறோம். நண்பர் எழுதிய வரிசை: புரோப்பிகோனசோல், டெபுகோனசோல், டைபெனகோனசோல். பார்க்க மூன்று மருந்து. ஆனால் மூன்றுமே ஃப்ராக் 3ஆம் குழு, பூஞ்சையைத் தாக்கும் இடம் ஒன்றே. ஒன்றைத் தாங்கப் பழகிய பூஞ்சை மற்றதையும் ஓரளவு தாங்கும். பெயர் மாறுகிறது, குழு மாறவில்லை.

நான் நினைப்பது இது. மழைக்கு முன் மேங்கோசெப். அது பல இடங்களில் தாக்குவதால் எதிர்ப்பு உருவாகும் ஆபத்து குறைவு. ஆனால் இலைமேல்தான் நிற்கும்; உள்ளே நுழைந்த பூஞ்சையை ஒன்றும் செய்யாது, அடித்தபின் விரியும் குருத்துக்கும் காவல் இல்லை. கீற்றுப் புள்ளி தெரிந்ததும் புரோப்பிகோனசோலுடன் மேங்கோசெப். அடுத்த முறை 11ஆம் குழு அசாக்சிஸ்ட்ரோபினுடன் மேங்கோசெப். புள்ளி முற்றிக் கருகிய பின் ஊடுருவும் மருந்தை மட்டும் நம்பி அடிப்பதுதான் எதிர்ப்பை வளர்க்கும் என்பது என் கருத்து.

என் சந்தேகம்: அடித்த பிறகும் புள்ளி வந்தால், காரணம் எதிர்ப்பா, மழையா? புதிதாக விரிந்த இலையில் மட்டும் வந்தால் காவல் எட்டவில்லை என்று கொள்ளலாம். சரியான அளவில், ஒட்டுப்பசை சேர்த்து, அடிப்பக்கமும் நன்றாக நனைத்த இலையில் புதுக் கீற்று வந்தால்? பூஞ்சை வித்து முளைப்புச் சோதனை செய்தவர்கள், இலை மாதிரியை எந்தப் பருவத்தில் எடுத்தீர்கள்?