டெலிவரி தள்ளிப்போகிறது, கிளையண்டுக்கு மின்னஞ்சல் எப்படி எழுதலாம்?

நண்பர்களே, ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்கு பில்லிங் மென்பொருள் செய்து தருகிறோம், இந்த வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டியது, முடியாது. பழைய தரவை ஏற்றிப் பார்த்தபோது ஒரு கிளையின் எக்செல் கோப்பில் தேதிகள் அமெரிக்க முறையில், மாதம் முன்னால் என்று படிக்கப்பட்டிருந்தன. 25/04 மாதிரியானவை தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நின்றதால் கண்ணில் பட்டன. 03/04 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிட்டது, அதாவது அந்த பில் முந்தைய நிதியாண்டுக்கே போய்விட்டது! எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பவும் முடியாது, மற்ற கிளைகளின் தேதிகள் சரியாக இருக்கின்றன. பில் எண் வரிசையோடு ஒப்பிட்டுத்தான் திருத்த வேண்டும்.

இப்போதைக்கு எழுதியிருப்பது:

"வெள்ளிக்கிழமை ஒப்படைக்க இயலாது. ஒரு கிளையின் பில் தேதிகள் மாறியுள்ளன, அப்படியே ஏற்றினால் ஜிஎஸ்டி கணக்கு தவறும். புதிய பில் போடும் பகுதியை அடுத்த புதன்கிழமை தருகிறோம். பழைய கணக்கும் அறிக்கைகளும் அதற்கு அடுத்த வாரம், உங்கள் கணக்காளர் ஒரு மாத பில்களைச் சரிபார்த்த பிறகு."

முதலாளி போனில் முதல் இரண்டு வரிதான் படிப்பார், அதனால்தான் கெட்ட செய்தி முதலில். கோப்பு அவர்கள் பக்கமிருந்து வந்தது என்பதைச் சொல்லலாமா, இல்லை சண்டையாகிவிடுமா? கணக்காளர் தாமதித்தால் தேதி மறுபடி தள்ளும் என்பதை இதிலேயே எழுதிவிடுவதா? இப்படி அனுப்பிப் பழகியவர்கள் சொல்லுங்கள், நாளை காலை அனுப்ப வேண்டும்.