திண்ணையில் நாலு புளியங்கொட்டை: அப்புச்சி பேத்திக்குச் சொன்ன கணக்கு

கொழிஞ்சாம்பாறை பக்கம்

பாலக்காட்டு எல்லையில், எங்க ஊருக்கு அடுத்த ஊர்த் திண்ணையில் கண்டது. எட்டாவது படிக்கும் பேத்தி தாயத்தில் தோற்றுக்கொண்டே இருந்தாள். பகடை கிடையாது, நாலு புளியங்கொட்டைதான். ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளை தெரிய வைத்தவை. ஒரு வெள்ளை விழுந்தால் தாயம். ரெண்டு, மூணு, நாலு வெள்ளைக்கு அதே எண்ணிக்கை. நாலும் கறுப்பாகக் கவிழ்ந்தால் எட்டு.

"அப்புச்சி, அஞ்சு வகையாத்தானே வுழுகுது? அப்ப அஞ்சுக்கு ஒருக்கா எட்டு வரோணும். எனக்கு வரவே மாட்டேங்குது."

"அஞ்சும் ஒரே எடை இல்ல கண்ணு. கொட்டையெல்லாம் இங்க கொண்டா."

பெரியவர் அரத்தை எடுத்து, முதல் கொட்டையின் விளிம்பில் ஒரு கீறல் போட்டார், அடுத்ததில் ரெண்டு, அதற்கடுத்ததில் மூணு. நாலாவதை அப்படியே விட்டார். விளிம்பில் போட்டால் எந்தப் பக்கம் கவிழ்ந்தாலும் அடையாளம் தெரியும். மையில் பொட்டு வைத்தால் வெள்ளைப் பக்கத்தில் மட்டும்தான் தெரியும்.

"ஒத்தை வெள்ளை எத்தனை விதமா வுழுகும், அடுக்கிக் காட்டு."

அடுக்கினாள். ஒரு கீறல் கொட்டை மட்டும் வெள்ளை, ரெண்டு கீறல் மட்டும் வெள்ளை என்று நாலு விதம். ரெண்டு வெள்ளைக்கு ஆறு விதம் வந்தது (முதலில் அஞ்சுதான் என்றாள், கீறல் இல்லாததையும் மூணு கீறலையும் சேர்க்க விட்டிருந்தாள்). மூணு வெள்ளைக்கு நாலு. நாலு வெள்ளைக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று. மொத்தம் பதினாறு.

"பதினாறுல எட்டுக்கு ஒண்ணே ஒண்ணு. தாயத்துக்கு நாலு. இப்பப் போட்டு எழுது."

80 தடவை போட்டாள். தாயம் 28, ரெண்டு 29, மூணு 12, நாலு 2, எட்டு 9. பெரியவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஏதோ ஒரு கொட்டை பொய் சொல்லுது, கண்டுபுடி" என்றார். ஒவ்வொன்றையும் தனியாக 40 தடவை போட்டதில், ரெண்டு கீறல் கொட்டை 5 தடவைதான் வெள்ளை காட்டியது. மற்ற மூன்றும் 20-ஐ ஒட்டியே இருந்தன.

சித்தூர் டீச்சர்

காகிதத்தைப் பார்த்தவுடன் சொன்னது மாயமில்லை. பதினாறு விதமும் சமமென்றால் நாலும் எட்டும் ஒரே அளவில் வரவேண்டும், 80-க்குத் தலா 5. இங்கே 2-க்கு 9. தாயமும் மூணும் தலா 20 வரவேண்டும், 28-க்கு 12. ரெண்டு ஜோடியுமே கறுப்புப் பக்கம் சாய்ந்திருக்கின்றன.

உறுதி செய்ய வெள்ளைகளைக் கூட்டிப் பாருங்கள். 28, ரெண்டு ரெண்டாக 58, மூணு மூணாக 36, நாலு நாலாக 8, ஆக 130. 80 வீச்சில் 320 கொட்டை விழுகிறது, பாதியென்றால் 160. இத்தனை விழும்போது 18 வரை கூடுவதும் குறைவதும் சும்மாவே நடக்கும். 30 குறைவது அப்படி நடப்பதில்லை. 20 வீச்சோடு நிறுத்தியிருந்தால் இது தெரிந்திருக்காது. 80 கொட்டையில் 40-க்குப் பதில் 33 வெள்ளை வந்தால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. பிள்ளைகள் பத்துப் பதினைந்தோடு சலித்துப் போவார்கள் என்பதுதான் இதில் தொல்லை.

வேலந்தாவளம்

பதினாறில் நாலு என்றால் இருபது வீச்சில் அஞ்சு தாயம் வரணும், சரிதானே? அப்ப பத்து வீச்சு தாயமே வரலைன்னா அடுத்தடுத்து வந்தே தீரணும். தாயக்காரங்க எல்லாம் இதை வெச்சுத்தான் ஆடறது.

சித்தூர் டீச்சர்

இருபதுக்கு அஞ்சு என்பது சரி, சராசரியாக. பத்து வீச்சு வராததற்குக் கடன் தீர்ப்பது போலப் பதினோராவது வரும் என்பதுதான் தவறு. நல்ல கொட்டையிலேயே, பதினெட்டு முறை பத்துப் பத்தாகப் போட்டால் ஏறக்குறைய ஒரு முறை தாயமே இல்லாமல் போகும். அதற்குப் பிறகும் பதினாறில் நாலுதான்.

கொழிஞ்சாம்பாறை பக்கம்

பேத்தியும் இதையேதான் கேட்டாள். அப்புச்சி வாயால் பதில் சொல்லவில்லை. அவள் கோடு கிழித்து எண்ணாமல், 1, 2, 1, 8 என்று விழுந்த வரிசையிலேயே எழுதியிருந்தாள்; அவர் அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார். தொடர்ந்து மூணு தடவை தாயம் வராத இடங்களுக்கெல்லாம் அடுத்த எண்ணை வட்டமிடச் சொன்னார். 21 வட்டம், அதில் 7 தாயம். மொத்தத்தில் 80-க்கு 28. மூணு தடவை ஏமாந்த பிறகும் மூன்றுக்கு ஒன்றுதான், எப்போதும் போல. கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எண்ணியிருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது, வரிசை போயிருக்கும்.

மீனாட்சிபுரம் ஸ்டாண்ட்

இதே கணக்கில் கேரளா லாட்டரி கடைசி நாலு நம்பரைப் பிடிக்க வழி உண்டா? மூணு மாச ரிசல்ட் எழுதி வெச்சிருக்கேன். 7 ரொம்ப நாளா வரலை.

சித்தூர் டீச்சர்

மூணு மாசம் ஒரு எண் குறைவது சும்மாவே நடக்கும். 7-க்கு அது தெரியாது. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்ததிலிருந்து எல்லை தாண்டி வருபவர்கள் இந்த நோட்டைத்தான் நீட்டுகிறார்கள்.

எல்லைக்கடை

ரெண்டு கீறல் கொட்டைக்கு என்ன கோளாறு? கீறலாலா?

கொழிஞ்சாம்பாறை பக்கம்

கீறல் இல்லை. மூணு கீறல் கொட்டை ஒழுங்காகத்தானே விழுந்தது. ரெண்டு கீறல் கொட்டையை அளவுக்கு மீறித் தேய்த்திருந்தார்கள். தோல் போய் வெள்ளை தெரிந்தவுடன் நிறுத்தவேண்டும். இது பாதிக்குமேல் கரைந்து, தேய்த்த முகம் அகலமாகவும் முதுகு மேடாகவும் ஆகிவிட்டது. தட்டை முகம் தரையில் படிந்தால் அப்படியே உட்கார்ந்துவிடும், முதுகில் நின்றால் ஆடிக் கவிழ்ந்துவிடும். விரலால் தட்டிப் பார்த்தாலே தெரிந்தது. தேர்ந்தெடுக்கும்போதே ஒரே அளவான, தட்டையான கொட்டைகளாக எடுத்து, நாலையும் ஒரே ஆள் ஒரே கல்லில் தேய்த்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

நெம்மாறை

கொட்டையே இப்படி என்றால் சோழியைக் கேட்கவே வேண்டாம். சோழியில் பாதிக்குப் பாதி என்று தொடங்கவே கூடாது. ஒவ்வொரு சோழியும் ஒரு விதம். ஆறு சோழி ஆட்டத்தில் எல்லாம் வாய் மேலே என்றால் ஆறு, எல்லாம் கவிழ்ந்தால் பன்னிரண்டு. சமமென்றால் ரெண்டுமே 64-க்கு ஒன்று. பத்துக்கு நாலு தடவைதான் வாய் மேலே வரும் செட்டாக இருந்தால், பன்னிரண்டு 21-க்கு ஒன்றாக ஏறும், ஆறு 244-க்கு ஒன்றாக இறங்கும். நடு எண்கள் இவ்வளவு அசையாது. சாய்வு இருக்கிறதா என்று பார்க்க, ஓரத்து எண்களையும் கவனிக்கணும்.

குன்றிமணியை வைத்து இந்த விளையாட்டைச் சிறு பிள்ளைகளிடம் தரவேண்டாம். உடைந்த பருப்பு கடும் விஷம். சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சாடி போதும், இங்கே கிடைக்காத இடமில்லை.

எல்லைக்கடை

சிமெண்டுத் தரையில் துள்ளும், பாயில் அடங்கும். தரை மாறினால் சாய்வும் மாறுமா?

நெம்மாறை

சோழியில் மாறும் என்றுதான் தோன்றுகிறது. ஒரே செட்டைப் பாயில் 100, சிமெண்டில் 100 போட்டு எழுதுங்கள். கையில் குலுக்கியே போடுங்கள். வைப்பது போல உருட்டினால் தரையைப் பற்றி ஒன்றும் தெரியாது, கையைப் பற்றித்தான் தெரியும்.