பட்டர்கிரீமில் ‘டஸ்ட்டி பிங்க்’: அந்த ‘டஸ்ட்டி’க்கு ஒரு சொல்

வானதி:
வணக்கம். கேக் அலங்காரச் சொற்களைத் தொகுத்து வருகிறேன். டீல் நிறத்துக்கு ‘மயில்நீலம்’ என்று போட்டேன், யாருக்கும் மறுப்பில்லை. பீச்சை ‘பீச்’ என்றே விட்டுவிட்டேன். டஸ்ட்டி பிங்க்கில்தான் நிற்கிறேன். ‘தூசி ரோஜா’ என்று சிலர் எழுதுகிறார்கள். சாப்பிடுகிற பொருளுக்குத் தூசியைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ‘வெளிர் ரோஜா’ என்று வைத்துவிடலாமா? அந்த நிறத்தைக் கொண்டுவரும் செய்முறைக்கும் ஒரு பெயர் வேண்டும்.

மாறன்:
‘மங்கல் ரோஜா’ பொருந்தும். செய்முறைக்கு ‘மங்கலாக்கல்’. ரோஸ் ஜெல்லோடு துளி கறுப்பு ஜெல் சேர்த்தால் வந்துவிடும் நிறம்தானே? நிறத்தின் பளிச்சைக் குறைப்பதைத்தான் சொல்கிறோம், சொல்லும் அதையே சொல்லட்டும்.

செல்வி:
பளிச்சைக் குறைப்பது என்பது சரி, மாறன். கறுப்பு என்பதுதான் இடிக்கிறது. கறுப்பு ஜெல் பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. கெட்டியாகப் போட்டால் கறுப்பு. வெள்ளைக் கிரீமில் துளியாகக் கரைத்தால் உள்ளே இருக்கும் நீலமோ ஊதாவோ தலைகாட்டும். ரோஸில் போட்டால் நாவல்பழச் சாயல் அடிக்கும். சில ஜெல்லில் தப்பித்துவிடலாம், ஆனால் நம்ப முடியாது.

வானதி கேட்ட ‘வெளிர்’ வேறு விஷயம். வெள்ளைக் கிரீமை அதிகம் சேர்த்தால் ரோஸ் வெளிறும். அது குழந்தைச் சட்டை ரோஸ். எவ்வளவு வெளிறினாலும் டஸ்ட்டி ஆகாது. டஸ்ட்டிக்கு நிறத்துக்குள் கொஞ்சம் சாம்பல் வர வேண்டும். ரோஸுக்கு எதிர்நிறமான பச்சையைத் துளி சேர்த்தால் அது வருகிறது.

நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன், சொல் எதற்கு வேண்டும் என்று அதிலேயே தெரியும். 300 கிராம் பட்டர்கிரீம் என்று வையுங்கள். வெண்ணெயை முதலில் நன்றாக வெளுக்கும்வரை அடித்துவிட வேண்டும். மஞ்சள் மிச்சமிருந்தால் ரோஸ் பீச் பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் 3 துளி ரோஸ் ஜெல். கலந்ததும் ஒரு மேசைக்கரண்டி அளவை எடுத்துத் தொடாமல் தனியே வைத்துவிடுங்கள், ஒப்பிட அதுதான் சாட்சி. இன்னொரு மேசைக்கரண்டி அளவைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, பல்குச்சி நுனியில் ஒட்டுகிற பச்சையை அதில் மட்டும் கலக்க வேண்டும். அது அசிங்கமான ஒரு பழுப்புச் சாம்பலாக வரும், பயப்பட வேண்டாம். அதைத்தான் கால் டீஸ்பூன், கால் டீஸ்பூனாகப் பெரிய கிண்ணத்தில் சேர்க்கிறோம். பச்சையை நேரடியாகப் பெரிய கிண்ணத்தில் குத்தினால் கூடிப்போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ஒவ்வொரு தடவையும் வெள்ளைக் காகிதத்தில் சாட்சிக் கிரீமையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் தீற்றிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே எல்லாமே பீச்சாகத் தெரியும். பச்சையும் தெரியக் கூடாது, சாம்பலும் தெரியக் கூடாது. ரோஸ் அப்படியே இருக்கிறது, ஆனால் சத்தம் அடங்கிவிட்டது என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். தாண்டிவிட்டால் கழுவிய சிமெண்ட் மாதிரி ஆகும். அப்போது வெள்ளைக் கிரீமும் ரோஸும் சேர்த்து மீட்கலாம், அளவு மட்டும் கூடிவிடும்.

‘மங்கல்’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ரோஸும் ஊதாவும் வெயில் பட்டால் வெளுத்துப்போகும். அதை நாங்கள் மங்குவது என்றுதான் சொல்கிறோம். அது கேடு, இது வேண்டுமென்றே செய்வது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் தினமும் குழப்பம்தான்.

கவின்:
செல்வி அக்கா, என் பீச்சுக்கும் இதே பிரச்சினைதானா? சாயங்காலம் கலக்கும்போது அருமையான பீச். காலையில் பார்த்தால் ஆரஞ்சுப் பழத்தோல் நிறம். பச்சை சேர்த்தால் அடங்குமா?

செல்வி:
இல்லை கவின், உங்களுடையது வேறு. ஜெல் நீரில் கரைகிற சாயம். பட்டர்கிரீமில் பெரும்பங்கு கொழுப்பு. வெண்ணெயில் நீர் சுமார் 16 சதவீதம்தான், அதுவும் சின்னச் சின்னத் திவலைகளாகச் சிதறிக் கிடக்கிறது. சாயம் மெதுவாக அந்த நீருக்குள் போய்ப் பரவும், நிறம் ஏறிக்கொண்டே இருக்கும். அரைமணியில் ஒரு மாற்றம் தெரியும், ராத்திரி முழுக்க வைத்தால் இன்னும் தெரியும். அதனால் பீச்சை ஒரு படி குறைவாகவே நிறுத்திவிட்டு மூடி வைத்துவிடுங்கள். காலையில் தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம். அவசரமென்றால் கொஞ்சம் கிரீமை லேசாக உருகும்வரை சூடாக்கி மற்றதோடு அடித்தால் நிறம் சீக்கிரம் ஏறும்.

பீச்சை அடக்க வேண்டுமானால் துளி நீலம் போட வேண்டும், ஏனென்றால் ஆரஞ்சுக்கு எதிரே நீலம். மயில்நீலத்துக்கு எதிரே சிவப்பும் ஆரஞ்சும் கலந்த ஒன்று.

மாறன்:
சரி, கறுப்பை விட்டுவிடுகிறேன், ‘மங்கல்’ மோதுவதும் புரிகிறது. அக்கா தானே எழுதிவிட்டார்: ‘சத்தம் அடங்கிவிட்டது’. அப்படியானால் ‘நிறமடக்கல்’. சேர்க்கும் துளி ‘அடக்குநிறம்’. அதில் தயாராகும் அந்தச் சின்னக் கிண்ணம் ‘அடக்குக் கலவை’. ‘அடங்கல்’ என்று வைத்தால் நிலப் பதிவேடு நினைவுக்கு வரும், எனவே ‘அடக்கல்’.

வானதி:
நிறமடக்கல் எனக்குப் பிடிக்கிறது. ரோஜா, பீச், மயில்நீலம் மூன்றுக்கும் அதே சொல் பொருந்துகிறது. நிறத்தின் பெயருக்கு மட்டும் ‘அடங்கிய ரோஜா’ என்றால் பணிந்த ரோஜா போல ஒலிக்கிறதே. தமிழில் ‘நீறு பூத்த நெருப்பு’ என்கிறோம். உள்ளே நிறம் உயிரோடு இருக்க, மேலே மெல்லிய சாம்பல் படிந்த தோற்றம். ‘நீறுபூத்த ரோஜா’ எப்படி?

செல்வி:
அழகாகத்தான் இருக்கிறது, பொருளும் சரி. ஆனால் ஆர்டர் கொடுக்க வருகிறவர் இதைச் சொல்வாரா என்று தெரியவில்லை. ‘சாம்பல் ரோஸ்’ என்றால் உடனே புரிந்துகொள்வார். இன்னொன்றும் யோசிக்க வேண்டும். பச்சைக்குப் பதில் பழுப்பு ஜெல் போட்டு அடக்குகிறவர்களும் நிறைய. எளிது, தப்பு குறைவு. ஆனால் பழுப்பில் மஞ்சளும் இருப்பதால் வரும் ரோஸ் மண்ணின் சூட்டோடு இருக்கும். பச்சையில் வருவது குளிர்ந்த ரோஸ். இரண்டையும் டஸ்ட்டி என்றே விற்கிறார்கள். ஒரே பெயர் போதுமா?

மாறன்:
பழுப்பில் அடக்கியது ‘மண்ரோஜா’, பச்சையில் அடக்கியது ‘சாம்பல் ரோஜா’. நீறு வேண்டாம், பேச்சில் நிற்காது.

வானதி:
நிறமடக்கலைப் பதிவுசெய்துவிட்டேன். அடக்குநிறம், அடக்குக் கலவை இரண்டும் அதனடியில். மண்ரோஜாவில் எனக்கு முழுச் சம்மதமில்லை. பழுப்பு கூடினால் அது சுட்ட ஓட்டு நிறமாகிவிடும், அந்த எல்லை எங்கே என்று பெயரில் தெரிவதில்லை. நீறுபூத்த ரோஜாவையும் சாம்பல் ரோஜாவையும் இப்போதைக்கு இரண்டு மாற்றுச் சொற்களாக வைக்கிறேன். செல்வி அக்கா, பச்சையில் ஒன்று, பழுப்பில் ஒன்று என ஒரே ரோஸில் அடக்கி, மறுநாள் காலை பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்ப முடியுமா? சாட்சிக் கிரீமும் பக்கத்தில் இருக்கட்டும்.