வட்டி 12 சதவீதம் என்றார்கள், எக்செல் 21 என்கிறது: என் கணக்கில் எங்கே தவறு?

ஊசிநூல்:

வணக்கம். ஈரோட்டில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். தையல் இயந்திரம் வாங்குவதற்காக ஒரு நிதி நிறுவனத்தில் 60,000 ரூபாய் கடன் எடுத்தேன். "நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிதான் அம்மா, ஆண்டுக்கு 12 சதவீதம்" என்றார் முகவர். 60,000-க்கு ஓராண்டு வட்டி 7,200. மொத்தம் 67,200. பன்னிரண்டால் வகுத்தால் மாதத் தவணை 5,600. கணக்கு சரியாக வந்ததால் கையெழுத்துப் போட்டேன்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் நேற்று எக்செல்லில் இதைச் சரிபார்த்தாள். முதலில் இப்படிப் போட்டாள்:

```
=RATE(12,5600,60000)
```

`#NUM!` என்று பிழை வந்தது. தவணைக்கு முன்னால் கழித்தல் குறி சேர்த்ததும் 1.79% என்று விடை வந்தது. அது மாத வட்டியாம். பன்னிரண்டால் பெருக்கினால் 21.5 சதவீதம் வருகிறது. முகவர் சொன்னதும் கணக்காகத்தான் தெரிகிறது, எக்செல் சொல்வதும் கணக்காகத்தான் தெரிகிறது. எது தவறு?

மதுரைவாசி:

இது கூட்டுவட்டி செய்யும் வேலை, அக்கா. முகவர் சொன்னது தனிவட்டி. எக்செல் மாதா மாதம் வட்டிக்கு வட்டி போடுகிறது. அதனால்தான் இவ்வளவு ஏறிவிட்டது.

பழைய கணக்காளர்:

மதுரைவாசி தம்பி, கூட்டுவட்டிக்கு அவ்வளவு வலு இல்லை. மாதம் ஒரு சதவீதத்தை ஓராண்டு முழுவதும் கூட்டிக்கொண்டே போனாலும் 12 என்பது 12.68 ஆகும், அவ்வளவுதான். 21.5-க்குக் காரணம் வேறு.

அம்மா, நம் ஊரில் ஒரு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குவதை நினைத்துப் பாருங்கள். 60,000 வாங்கினால் மாதம் 600 வட்டி கொடுப்போம். அசல் முழுவதும் நம்மிடமே இருக்கும், ஆண்டு முடிவில் 60,000-ஐ ஒரே தொகையாகத் திருப்பிக் கொடுப்போம். அது உண்மையான 12 சதவீதம். பன்னிரண்டு மாதமும் முழு அசலும் நம் தொழிலில் உழைத்தது, அதற்கு வட்டி கொடுத்தோம்.

உங்கள் கடனில் முதல் மாதமே அசல் திரும்பத் தொடங்கிவிடுகிறது. நிறுவனத்தின் கணக்குப்படியே 5,600-இல் 5,000 அசல், 600 வட்டி. பன்னிரண்டாவது மாதத்தைப் பாருங்கள். அந்த மாதம் உங்கள் கையில் மீதமிருக்கும் அவர்கள் பணம் வெறும் 5,000. அதற்கும் அதே 600 வட்டி. ஐயாயிரத்துக்கு ஒரு மாத வட்டி அறுநூறு என்று யாராவது தனியாகச் சொல்லியிருந்தால் வாங்கியிருப்பீர்களா?

கையாலேயே ஒரு தோராயக் கணக்கு போடலாம். நிலுவை 60,000-இல் தொடங்கி மாதம் ஐயாயிரமாகக் குறைந்து கடைசியில் 5,000-க்கு வருகிறது. சராசரி 32,500. அதற்கு 7,200 வட்டி என்றால் 22 சதவீதத்துக்குச் சற்று மேல். எக்செல்லின் 21.5 இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பதற்குக் காரணம், அது வட்டியை மீதி நிலுவைக்கு மட்டும் போடுகிறது. முதல் மாதம் 60,000-க்கு 1,073 வட்டி போக அசலில் 4,527 மட்டுமே கழிகிறது. அதனால் நிலுவை தொடக்கத்தில் மெதுவாகக் குறைகிறது, சராசரி நிலுவை சற்று உயர்கிறது.

மீதி நிலுவைக்கு மட்டும் மாதம் ஒரு சதவீதம் வட்டி போட்டிருந்தால் தவணை எவ்வளவு என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்:

```
=PMT(0.01,12,-60000)
```

5,331 வரும். நீங்கள் மாதம் 269 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறீர்கள்.

முதலில் வந்த பிழைக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். கடன் தொகை உங்களிடம் வருகிறது, தவணை உங்களிடமிருந்து போகிறது. இரண்டுக்கும் ஒரே குறி போட்டால், பணம் வந்துகொண்டே இருக்கிறது, எதுவும் போகவில்லை என்று பொருள். அப்படி ஒரு வட்டி விகிதமே இல்லாததால்தான் பிழை காட்டியது.

மதுரைவாசி:

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆனால் 21.5 என்பதும் முழு உண்மை இல்லையே? மாதம் 1.79 என்பதை வெறுமனே பன்னிரண்டால் பெருக்கியது அது. கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 23.7 வருகிறது.

பழைய கணக்காளர்:

வருகிறது. சரியாகச் சொன்னீர்கள். இரண்டு கடன்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே முறையைப் பின்பற்றினால் போதும்.

தாமரை:

எனக்கும் இதே அநியாயம் நடந்தது. வங்கியில் மாதம் 5,000 வீதம் ஓராண்டுக்குத் தொடர் வைப்பு போட்டேன். 7 சதவீத வட்டி என்றார்கள். 60,000-க்கு 4,200 வர வேண்டும். முதிர்வில் கிடைத்தது 62,311, அதாவது வட்டி 2,311 மட்டுமே. கிளை மேலாளரிடம் சண்டையே போட்டுவிட்டேன். நம்மிடம் வாங்கும்போது ஒரு கணக்கு, கொடுக்கும்போது இன்னொரு கணக்கு!

பழைய கணக்காளர்:

தாமரை அம்மா, உங்கள் வங்கி சரியாகத்தான் கொடுத்திருக்கிறது. 60,000 உங்கள் கணக்கில் ஓராண்டு முழுவதும் இருக்கவில்லை. முதல் 5,000 பன்னிரண்டு மாதம் இருந்தது, கடைசி 5,000 ஒரே மாதம்தான் இருந்தது. சராசரி ஆறரை மாதம். 60,000-க்கு 7 சதவீதத்தில் ஆறரை மாத வட்டி 2,275. காலாண்டுக்கு ஒருமுறை கூட்டுவதால் இன்னும் சில பத்து ரூபாய் சேர்ந்து 2,311 ஆகியிருக்கிறது.

ஊசிநூல் அம்மாவின் கடனையும் உங்கள் வைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் மேலாளரிடம் கேட்ட 4,200 எந்தக் கணக்கோ, அந்த நிதி நிறுவனம் வாங்கும் 7,200-உம் அதே கணக்கு. வங்கி உங்களுக்கு அப்படிக் கொடுக்கவில்லை, இவர்கள் அப்படி வாங்குகிறார்கள்.

தாமரை:

இப்போது புரிகிறது. மேலாளரிடம் நாளை போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும்.

ஊசிநூல்:

ஐயா, படித்துப் படித்து மனம் பதறுகிறது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். செயலாக்கக் கட்டணம் என்று 1,200 பிடித்துக்கொண்டு 58,800 தான் கையில் கொடுத்தார்கள்.

ஆறு தவணை கட்டியாயிற்று. சீட்டுப் பணம் 40,000 வந்திருக்கிறது. கடனை இப்போதே முடித்துவிடலாமா என்று கேட்டேன். மீதித் தவணை ஆறுக்கு 33,600, அதில் 1,000 தள்ளுபடி செய்து 32,600 கட்டினால் போதும் என்கிறார்கள். 21 சதவீதக் கடனை ஒழிப்பது எப்படியும் லாபம்தானே?

பழைய கணக்காளர்:

கட்டணத்தையும் சேர்த்தால் கடன் வாங்கிய நாளில் உங்களுக்கு விழுந்த விலை இது:

```
=RATE(12,-5600,58800)
```

மாதம் 2.12, ஆண்டுக்கு 25.4 சதவீதம். அது நடந்து முடிந்த கதை. இப்போது முடிப்பதா வேண்டாமா என்பதற்கு இந்த எண் உதவாது.

இனிமேல் நடக்கப்போவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று 32,600 கொடுக்கிறீர்கள். அதற்குப் பதிலாக, அடுத்த ஆறு மாதம் கட்ட வேண்டிய 5,600 உங்களிடம் மிஞ்சுகிறது. இதையும் ஒரு முதலீடாகப் பார்க்கலாம்.

```
=RATE(6,5600,-32600)
```

மாதம் 0.87 சதவீதம், ஆண்டுக்கு 10.4. கடன் வட்டி 21.5 ஆனாலும் அதை அடைப்பதால் உங்களுக்குக் கிடைப்பது 10.4 மட்டுமே. நடுவில் உள்ளது எங்கே போனது? 1.79 வட்டியில் இன்றைய நிலுவை சுமார் 31,594 தான். அவர்கள் அதைவிட ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். எதிர்காலத் தவணைகளைக் கூட்டி ஆயிரத்தைக் கழிப்பது தள்ளுபடி போலத் தெரியும். அந்தத் தவணைகளுக்குள் இன்னும் பிறக்காத வட்டி இருக்கிறது. அது முழுவதும் கழிய வேண்டும், கழியவில்லை.

ஆகவே நாற்பதாயிரத்துக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆண்டுக்கு 6 சதவீத வைப்பில் போடுவதாக இருந்தால், ஆறு தவணைகளின் இன்றைய மதிப்பு 33,020. அதை 32,600-க்கு முடித்தால் 420 ரூபாய் மிச்சம். முடித்துவிடுங்கள்.

மதுரைவாசி:

என் நண்பர் நகைக் கடன் எடுத்து இப்படி ஒரு கடனை அடைத்தார். அதைவிட இது குறைந்த வட்டி என்றார்.

பழைய கணக்காளர்:

இந்தக் கணக்கில் நகைக் கடன் வட்டி 10.4-க்குக் கீழே இருந்தால்தான் அது சரி. மதிப்பீட்டுக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அனேகமாக எதுவும் மிஞ்சாது.

ஊசிநூல் அம்மா, முடிப்பதற்கு முன் கடன் எடுத்த தேதியைப் பாருங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதமும், ஒவ்வொரு தவணையிலும் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்ற அட்டவணையும் இருக்கும். ஆறாவது தவணைக்குப் பின் அந்த அட்டவணையில் நிற்கும் நிலுவை எவ்வளவு, முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 32,600 எப்படி வந்தது என்று அதை வைத்துக் கேளுங்கள்.

ஊசிநூல்:

அந்தத் தாள் கோப்பில் இருந்தது. நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஆண்டு விகிதம் என்ற இடத்தில் 25-க்கு மேல்தான் போட்டிருக்கிறார்கள். ஆறாவது வரியில் நிலுவை 31,800-ஐ ஒட்டி இருக்கிறது. முன்கூட்டி முடிக்கும் கட்டணம் பற்றி ஒரு வரி இருக்கிறது, ஆனால் அதன் சதவீதம் மங்கலாக அச்சாகியிருக்கிறது. திங்கட்கிழமை நேரில் போய்க் கேட்கிறேன்.

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. தீபாவளிக்கு முன் ரவிக்கைத் துணி மொத்தமாக வாங்கி வைத்தால் மீட்டருக்கு எட்டு, பத்து ரூபாய் மிஞ்சும். நாற்பதாயிரத்தை அதில் போடலாமா?

தாமரை:

போடாதீர்கள் அக்கா. துணி தேங்கிவிட்டால் தவணை கழுத்தைப் பிடிக்கும்.

பழைய கணக்காளர்:

மாதம் 0.87-ஐவிடக் கூடுதலாகத் துணி சம்பாதித்துத் தரும் என்று சொல்லலாம். ஆனால் எத்தனை மாதத்தில் விற்றுத் தீரும் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். மூன்று மாதத்தில் வரும் லாபமும் ஒன்பது மாதத்தில் வரும் லாபமும் ஒன்றல்ல. போன தீபாவளிக்கு வாங்கிய துணி எந்த மாதம் தீர்ந்தது என்று பில் புத்தகத்தில் பார்த்துச் சொல்லுங்கள், அதை வைத்துப் போடலாம்.