நாய்க்கான தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போட்டுவிட்டேன், உடல் துடிக்கிறது: அவசர உதவி தேவை

திருநகர் வாசி, ஞாயிறு காலை 8.10

வணக்கம். எங்கள் வீட்டில் இருபது கிலோ எடையுள்ள ஒரு சிப்பிப்பாறை நாயும் இரண்டு பூனைகளும் வளர்கின்றன. நேற்று இரவு ஒன்பது மணியளவில் நாயின் பிடரியில் தெள்ளுக்கும் உண்ணிக்குமான சொட்டு மருந்தை விட்டேன். குப்பியில் பாதி மிஞ்சியது. பெண் பூனைக்கும் தெள்ளு இருந்ததால், வீணாக்க வேண்டாம் என்று நினைத்து மீதியை அதன் கழுத்தில் விட்டுவிட்டேன். இன்று காலை ஆறு மணியிலிருந்து அதன் காதுகள் அடிக்கடி வெட்டுகின்றன, முகத்தின் தோல் துடிக்கிறது, தொட்டால் திடுக்கிட்டுக் குதிக்கிறது. இப்போது எச்சில் வடிகிறது, நடந்தால் பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாங்கள் வழக்கமாகச் செல்லும் மருத்துவமனை பூட்டியிருக்கிறது. நாளை வரை காத்திருக்கலாமா?

உசிலம்பட்டி விவசாயி, காலை 8.22

அம்மா, இது பூச்சிமருந்தின் விஷம் என்பதில் ஐயமில்லை. காட்டில் மருந்தடித்தவர்களுக்கு இதே போல எச்சில் வடிந்து உடல் நடுங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் நன்றாகக் கழுவிவிடுங்கள். குளிர்ந்த நீராக இருந்தால் சூடு தணியும். பிறகு உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வையுங்கள். மருத்துவரிடம் அட்ரோபின் ஊசி கேளுங்கள். அதுதான் இதற்கு முறிவு.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், காலை 8.31

அம்மா, நாளை வரை காத்திருக்க வேண்டாம். இன்றே ஊசி மருந்தும் சலைனும் தேவைப்படும். பிடரியில் விட்ட மருந்து இன்னும் எண்ணெயாகத் தோலில் இருக்கும், அது மணிக்கு மணி உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஆகவே பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து, கழுத்திலிருந்து வால்வரை இரண்டு முறை தேய்த்துக் கழுவி, துண்டால் ஒற்றிப் போர்த்தி வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழுவும்போது வலிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

உசிலம்பட்டி நண்பர் கழுவச் சொன்னது மிகச் சரி, ஆனால் மற்ற மூன்றையும் நான் மறுக்கிறேன். குளிர்ந்த நீர் வேண்டாம், ஏனென்றால் உடல் குளிரக் குளிர இந்த மருந்து நரம்பில் கூடுதலாக வேலை செய்யும். மிகச் சூடான நீரோ தோலின் இரத்தக் குழாய்களை விரித்து மருந்தை உள்ளே இழுக்கும். வாந்தி எடுக்க வைப்பதால் எந்தப் பயனும் இல்லை, விஷம் வயிற்றின் வழியாகப் போகவில்லை. நடுக்கம் உள்ள பூனைக்கு வாய்வழி எதைப் புகட்டினாலும் நுரையீரலுக்குள் போகும், உப்பு வேறு தனியாகக் கொல்லும். அட்ரோபின் நீங்கள் பார்த்த வயல் மருந்துகளுக்கு உரியது. நாய்க்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் இருப்பது பெர்மெத்ரின், அதற்கு முறிமருந்து என்று ஒன்று இல்லை. குப்பியின் அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், அதிலுள்ள மருந்தின் பெயரையும் அளவையும் இங்கும் எழுதுங்கள்.

திருநகர் வாசி, காலை 9.05

ஐயா, கழுவிவிட்டோம். அட்டையில் இமிடாகுளோப்ரிட் பத்து விழுக்காடு, பெர்மெத்ரின் 50 விழுக்காடு, மொத்தம் 2.5 மில்லி என்று உள்ளது. பூனையின் எடை 3.2 கிலோ. உடம்பு அனலாகச் சுடுகிறது. வேறொரு மருத்துவமனை பைபாஸ் சாலையில் திறந்திருப்பதாகத் தெரிந்தது, ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறோம். அதுவரை மாமியார் வைத்திருக்கும் 650 மி.கி. காய்ச்சல் மாத்திரையில் கால் பங்கு கொடுத்தால் சூடு இறங்குமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், காலை 9.09

கொடுக்கவே கூடாது, அம்மா. இந்தச் சூடு காய்ச்சல் அல்ல. தசைகள் விடாமல் துடிப்பதால் எழும் சூடு, துடிப்பை அடக்கினால் தானே இறங்கும். பூனையின் கல்லீரல் பாராசிட்டமாலை வெளியேற்றும் வேலையில் மிகவும் பின்தங்கியது. நாய்க்கும் மனிதனுக்கும் இயல்பாக இருக்கும் அந்த வழி பூனைக்குப் பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது, பெர்மெத்ரினை அது தாங்காததற்கும் இதே குறைதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஏற்கெனவே ஒரு விஷத்துடன் போராடும் உடலில் இரண்டாவதை ஏற்ற வேண்டாம்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 50 விழுக்காடு என்றால் ஒரு மில்லியில் 500 மி.கி. மீதி ஒன்றேகால் மில்லி என்று கொண்டால் சுமார் 600 மி.கி., அதாவது கிலோவுக்கு 190 மி.கி. அளவில். நாலரை கிலோப் பூனைக்கு 45 விழுக்காட்டு மருந்து ஒரு மில்லி பட்டாலே, கிலோவுக்கு 100 மி.கி., உயிருக்கு ஆபத்து என்று எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் பூனை அதைப் போல் இரு மடங்கு பெற்றிருக்கிறது. மருத்துவரிடம் இந்த எண்ணை முதலிலேயே சொல்லுங்கள். நடுக்கத்திற்கு மெத்தோகார்பமால் ஊசி சிறந்தது, அது இல்லையென்றால் டயசிபாம் தொடங்கிப் பிற மயக்க மருந்துகள். நரம்பில் ஏற்றினால் இரத்தத்திலுள்ள விஷத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் கொழுப்புத் திரவம் கைவசம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பயணத்தில் பூனையை இருட்டான கூடையில் வையுங்கள். ஒலியும் ஒளியும் தொடுதலும் துடிப்பைக் கூட்டும்.

மேலூர், காலை 9.40

ஐயா சொன்னதை உறுதி செய்ய எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தக் கால் மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். மூன்று கிலோப் பூனை, மழைநாளில் சோர்ந்து கிடந்தது, என் தந்தை அன்பினால்தான் கொடுத்தார். கிலோவுக்கு 50 மி.கி.க்கு மேல் போயிருக்கிறது என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். மாலைக்குள் முகமும் முன்கால்களும் வீங்கின, ஈறு இளஞ்சிவப்பு நிறம் போய்ச் சாக்லேட் நிறமானது, மூச்சு வாங்கியது. அதற்கு முறிமருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர், மனிதர்களுக்கான மருந்துக்கடையிலேயே வாங்கினோம். ஆனால் மறுநாள் காலைதான் கொண்டுசென்றோம், இரண்டாம் இரவு அது இறந்துவிட்டது. இப்போதும் சிலர் என்னிடம் குழந்தைகளுக்கான சிரப் குறைந்த அளவில் பாதுகாப்பானதா என்று கேட்கிறார்கள். அதுவும் அதே மருந்துதான்.

கூடல்நகர் நண்பர், காலை 10.15

தெள்ளு போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கடை மருந்து எதுவும் வேண்டாம். வேப்பெண்ணெயில் நீலகிரித் தைலமும் பச்சைக் கற்பூரமும் கலந்து தடவுங்கள், இரண்டே நாளில் உதிர்ந்துவிடும். எங்கள் ஆட்டுக்கும் நாய்க்கும் இதுதான். இயற்கையானது என்பதால் பயமில்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், காலை 10.30

ஐயா, கேள்வி தெள்ளு பற்றியது அல்ல. தெள்ளு மருந்தால் பூனை உயிருக்குப் போராடுவதைப் பற்றியது. நீங்கள் சொன்ன கலவையைப் பூனையின்மேல் தடவினால் அது நக்கி முழுவதையும் விழுங்கும், ஏனெனில் உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது பூனையின் பழக்கம். நீலகிரித் தைலத்தையும் கற்பூரத்தையும் வெளியேற்றுவதற்கும் அதே பலவீனமான கல்லீரல்தான் இருக்கிறது. ஆட்டுக்கு நன்மை செய்ததை வைத்துப் பூனையைக் கணக்கிட இயலாது. அறையில் தைலத்தை ஆவியாக விடும் கருவியையும் பூனை உள்ள வீட்டில் நான் அனுமதிப்பதில்லை.

திருநகர் வாசி, ஞாயிறு இரவு 9.30

பூனை உயிரோடு இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே ஒருமுறை வலிப்பு வந்தது. அங்கே மெத்தோகார்பமால் இல்லை. முதலில் டயசிபாம் போட்டார்கள், துடிப்பு முழுதாக அடங்கவில்லை. பிறகு பால்போல வெள்ளையான 20 விழுக்காட்டுக் கொழுப்புத் திரவத்தில் ஐந்து மில்லி அளவை மெதுவாக ஏற்றி, அடுத்த அரை மணி நேரம் சிறுகச் சிறுகத் தொடர்ந்தார்கள். மதியம் மூன்று மணிக்கு ஒரு மருந்துக்கடையில் மெத்தோகார்பமால் கிடைத்தது. அதைப் போட்டபின் காதுகளின் வெட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இரவு அங்கேயே இருக்கிறது, மீண்டும் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள்.

உசிலம்பட்டி விவசாயி, ஞாயிறு இரவு 10.05

அம்மா, நல்ல செய்தி. அட்ரோபின் விஷயத்தில் நான் தவறாகச் சொன்னேன். ஐயாவிடம் ஒரு கேள்வி: மாட்டுத் தொழுவத்தில் உண்ணிக்காக டெல்டாமெத்ரின் கலந்து தெளிக்கிறோம். அங்கே எலி பிடிக்க மூன்று பூனைகள் படுக்கின்றன. அதுவும் இந்த இனம்தானா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், திங்கள் காலை 6.50

அதே குடும்பம்தான். கலந்து நீர்த்த பின் அளவு இதைவிட மிகக் குறைவு, அதனால் தொழுவப் பூனைகள் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. ஆனால் தெளித்த நாளில், மாட்டின் முடியும் தரையும் காயும்வரை அவற்றை வெளியே அடையுங்கள். கலக்காத மருந்து சிந்திய இடத்தைக் கழுவி மூடிவிடுங்கள்.

திருநகர் வாசி, செவ்வாய் மாலை 5.20

வீட்டிற்கு வந்துவிட்டது, சாப்பிடுகிறது. மூன்றாவது நாளாகியும் திடீர் ஓசைக்கு உடல் ஒருமுறை குலுங்குகிறது. கொழுப்புத் திரவம் காப்பாற்றியதா, மெத்தோகார்பமால் காப்பாற்றியதா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல இயலாது என்றார் மருத்துவர். இரண்டு கேள்விகள் உள்ளன. நாயின் மேலும் அந்த மருந்து இருக்கிறதே, மற்றப் பூனை அதன் கழுத்தில் சாய்ந்துதான் தூங்கும். எத்தனை நாள் பிரித்து வைக்க வேண்டும்? எச்சில் வடிந்த தரையை நேற்று கிருமிநாசினித் திரவத்தால் துடைத்தேன், அதில் தவறு உண்டா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், செவ்வாய் இரவு 7.45

இந்தக் குலுங்கல் சில நாட்களில் மறைய வேண்டும். கூடினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே திரும்பக் கொண்டுசெல்லுங்கள். நாயைப் பொறுத்தவரை நான் மூன்று முழு நாட்கள் பிரித்து வைக்கச் சொல்வேன். நாய் இடையில் நனைந்தால் கணக்கை மீண்டும் தொடங்குங்கள். ஆனால் உங்கள் மற்றப் பூனை நாயை நக்கும் பழக்கம் உடையதா என்பதைப் பொறுத்து அது மாறும், அதனால் என்னால் ஒரே எண்ணைத் தர இயலவில்லை. அடுத்த மாதம் நாய்க்கே பெர்மெத்ரின் இல்லாத மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பூனைக்கு என்று எழுதியிருக்கும் தனி மருந்து கிடைக்கிறது, அளவும் அதற்கேற்ப.

தரைத் திரவத்தின் புட்டியில் பென்சால்கோனியம் குளோரைடு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு நாக்கில் புண் வரலாம். எச்சிலும் உணவை ஒதுக்குவதும் சில மணி நேரம் கழித்தே தெரியும். அடர்த்தியாக ஊற்றியிருந்தால் வெறும் நீரால் இருமுறை துடைத்துவிடுங்கள். ஃபினாயிலை இந்த வீட்டில் வைக்கவே வேண்டாம்.

திருநகர் வாசி, செவ்வாய் இரவு 8.30

புட்டியில் அதே பெயர்தான் இருக்கிறது. தரையை நீரால் துடைத்துவிட்டோம். இரண்டு பூனைகளின் நாக்கையும் டார்ச் அடித்துப் பார்த்தோம், புண் எதுவும் தெரியவில்லை. நாயை மாடிக்கு மாற்றிவிட்டோம். அது கதவுக்குப் பின்னால் குரைத்துக்கொண்டிருக்கிறது, கீழே இந்தப் பூனை அந்தக் குரைப்புக்குக் குலுங்காமல் தூங்குகிறது.