எண்பதாயிரத்துக்குள் தேனிலவு: அந்தமானா, மூணாறா? போய்வந்தவர்கள் கணக்கைச் சொல்லுங்களேன்

வைகைக்கரை

தை கடைசி முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணம். மறுவீடு, விருந்து எல்லாம் முடித்து பிப்ரவரி இரண்டாம் வாரம் மதுரையிலிருந்து கிளம்பலாம் என்று திட்டம். லீவு ஏழு நாள். பட்ஜெட் எண்பதாயிரம். டீக்காசு வரைக்கும் அதற்குள்தான். கிரெடிட் கார்டைத் தொடக்கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம்.

அவங்களுக்குக் கடல் பார்க்கணும், எனக்கு மலை. டிராவல்ஸில் விசாரித்ததில் அந்தமான் 5 இரவு, இருவருக்கும் சேர்த்து 42,000, விமானம் தனி. மூணாறு மூன்று இரவு, ஆலப்புழை இரண்டு இரவு (அதில் ஒன்று படகு வீட்டில்) என்றால் மதுரையிலிருந்தே கார் சேர்த்து 46,000. போனவர்களுக்குக் கடைசியில் கையைவிட்டு எவ்வளவு போனது என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.

ஜாலி_ஜீவா

ப்ரோ, யோசிக்கவே வேண்டாம், அந்தமான். 42,000 பேக்கேஜ், சென்னையிலிருந்து விமானம் போய்வர இரண்டு பேருக்கு இருபதாயிரத்துக்குள் முடிச்சிடலாம். மொத்தம் 62,000. மிச்சம் பதினெட்டாயிரத்தில் ஸ்கூபா, ஷாப்பிங்னு ராஜா மாதிரி இருக்கலாம். நாங்க பேக்கேஜ்லதான் போனோம், ஏர்போர்ட்டில் பேர் எழுதின அட்டையோட ஆள் நின்னார், ஒரு டென்ஷனும் இல்லை. தனித்தனியா புக் பண்ணி அலையாதீங்க.

செலவுச்சிட்டை

ஜீவா சொல்வதில் பேக்கேஜ் அலைச்சலைக் குறைக்கும் என்பது சரி. 62,000 என்பது சரியில்லை. நானும் கணவரும் போனபோது ஒவ்வொரு பில்லையும் எழுதி வைத்தேன். அதை வைத்தே சொல்கிறேன், உங்கள் தேதிக்கு விலை முன்பின் இருக்கும்.

முதலில், 20,000-க்கு விமானம் என்பது பல மாதம் முன்பே எடுத்தவர்களுக்கு. எங்களுக்கு சென்னை - போர்ட் பிளேர் போகவர இருவருக்கும் 26,000 ஆனது. மதுரையிலிருந்து சென்னைக்கு மூன்றடுக்கு ஏசி ரயிலில் போய்த் திரும்ப 4,000. பேக்கேஜ் 42,000. இதுவே 72,000. பேக்கேஜில் காலை உணவு மட்டும்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். மதியம், இரவு, இளநீர், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒரு நாளைக்கு 1,500 ஆனது. ஐந்து நாளுக்கு 7,500. ஆக 79,500. ஸ்கூபாவுக்கு ஒருவருக்கு 3,500 கேட்டார்கள், அது இந்தக் கணக்கில் இல்லை. ஜீவா சொன்ன ராஜாவுக்கு மிஞ்சுவது ஐந்நூறு ரூபாய்.

இப்போது எங்கே குறைக்கலாம் என்று பார்ப்போம். செலவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் தங்கினாலும் மாறாத செலவு ஒன்று. ஒரு நாள் கூடினால் கூடுகிற செலவு இன்னொன்று. அந்தமானில் ரயில், விமானம், தீவுக்குத் தீவு போகும் கப்பல் மூன்றும் முதல் வகை. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், திரும்பப் போர்ட் பிளேர் என்று தனியார் கப்பலில் இருவருக்கும் சேர்த்து எங்களுக்கு 9,000 வந்தது (பேக்கேஜ் எடுத்தால் அந்த 42,000-க்குள் இது அடக்கம்). ஆக மாறாத செலவு 39,000. மீதி 40,500 ஐந்து இரவுக்கு, அதாவது ஓர் இரவுக்கு எட்டாயிரத்துச் சொச்சம்.

ஓர் இரவைக் குறைத்தால் எட்டாயிரம் மிஞ்சும், ஸ்கூபாவுக்குச் சரியாகப் போகும். ஆனால் மூன்று இரவாக்கினால் 39,000 கொடுத்து மூன்று இரவுக்காகப் பறந்த மாதிரி ஆகிவிடும். அந்தமானில் நாளைக் குறைக்காதீர்கள், தீவைக் குறையுங்கள். நீலை விட்டால் கப்பலில் மூவாயிரம் மிச்சம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்தில் நிற்கிற அரைநாளும் மிச்சம்.

பழைய_டைரி

தம்பி, இதுக்கெல்லாம் எதுக்கு இவ்வளவு கணக்கு. எங்க காலத்துல ஊட்டிக்குப் போனோம், மலை ரயில், போட் ஹவுஸ், வர்க்கி ரெண்டு பாக்கெட், அதோட திரும்பியாச்சு. பத்தாயிரம்கூட ஆகலை. கொடைக்கானலும் பக்கத்துலதானே இருக்கு. ஆனா இப்ப ரெண்டு ஊருக்கும் சொந்தக் கார்ல போனா இ-பாஸ் எடுக்கணும், 2024 மே மாசத்துலேர்ந்து. காசு கிடையாது, ஆன்லைன்லயே வந்துடும். தம்பி கார்லதானே போறீங்க?

வைகைக்கரை

ஐயா, சொந்தக் கார் இல்லை, ஊட்டியும் திட்டத்தில் இல்லை. ஆனாலும் இ-பாஸ் தகவலுக்கு நன்றி 🙏

சிட்டை அக்கா, அந்தக் கணக்கை அப்படியே அவங்களுக்கு அனுப்பிவிட்டேன். மூணாறுக்கும் இதே மாதிரி யாராவது பிரித்துச் சொன்னால் நல்லது.

போடிமெட்டு

மூணாறு என் பக்கத்து ஊர், அதனால் நான் சொல்கிறேன். அந்த 46,000-ல் அறைக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். வெளியூர் டாக்சி ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவார்கள், வண்டி சும்மா நின்றாலும் சரி. கிலோமீட்டருக்கு 14 ரூபாய் வைத்தால் ஆறு நாளுக்கு 21,000. டிரைவர் பேட்டா நாளுக்கு 500 வைத்து 3,000. கேரளா பெர்மிட் தனி. காருக்கே 24,000 தாண்டிவிட்டது. மூணாறில் எக்கோ பாயிண்ட், குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று சுற்றினால் ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டர்கூட ஓடாது. ஓடாத மீதிக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

மிச்சம் 22,000. படகு வீட்டுக்கு 9,000 போனால் நான்கு இரவுக்கு 13,000. ஏஜென்ட் கமிஷனும் அதற்குள்தான். அப்போது கிடைக்கிற அறை ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம் தெரிகிற அறையாக இருக்காது. டவுனில் பஸ் ஸ்டாண்டு இரைச்சலோடு இருக்கும். ‘அல்லது அதற்கு இணையான ஹோட்டல்’ என்று பேக்கேஜ் தாளில் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. ஹோட்டல் பெயரை எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

என் யோசனை: ஆலப்புழையை விடுங்கள். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 2023-லிருந்து ரயில் ஓடுகிறது, டிக்கெட் காசு ஒரு பொருட்டே இல்லை. போடியிலிருந்து மூணாறு எழுபது கிலோமீட்டருக்குள்தான், டாக்சி ஒரு வழி 3,500 கேட்பார்கள். பஸ்ஸும் இருக்கிறது, ஆனால் புதுப்பெண்ணையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் நின்றுகொண்டு போகச் சொல்லமாட்டேன். மூணாறில் இரண்டு நாளுக்கு மட்டும் உள்ளூர் வண்டி எடுத்தால் 5,000. போக்குவரத்து மொத்தமே 12,000-தான். மீதியை அறையில் போடுங்கள், நாலு இரவும் நல்ல இடத்தில் இருக்கலாம். வரையாடு பார்க்க ஆசைப்பட்டால் முதலில் விசாரியுங்கள், பிப்ரவரி, மார்ச்சில் குட்டி போடும் காலம் என்று இரவிகுளத்தை மூடிவிடுவார்கள்.

செலவுச்சிட்டை

போடிமெட்டு சொன்னதோடு ஒன்று. அறை வாடகை 7,500 வரைக்கும் ஜிஎஸ்டி இப்போது 5 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல்), அதைத் தாண்டினால் 18. 7,400 ரூபாய் அறைக்கு நீங்கள் கொடுப்பது 7,770. 7,800 ரூபாய் அறைக்கு 9,204. விலைப்பட்டியலில் நானூறு ரூபாய் வித்தியாசம், பில்லில் ஆயிரத்து நானூறுக்கு மேல். நாலு இரவுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். காதலர் தினத்தை ஒட்டி அறை விலையை ஏற்றுவார்கள், 7,000 அறை சத்தமில்லாமல் 7,900 ஆகி அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். முடிந்தால் 15-ஆம் தேதிக்குப் பிறகு போங்கள்.

‘ஹனிமூன் ஸ்பெஷல்’ என்று கட்டிலில் ரோஜா இதழ், கேக், மெழுகுவத்தி டின்னர் எல்லாம் சேர்த்து எங்களிடம் 4,500 கேட்டார்கள். எடுத்துவிடுங்கள் என்றதும் எடுத்துவிட்டார்கள். ரோஜா இதழ் மட்டும் எப்படியோ போட்டிருந்தார்கள்.

கடல்காக்கை

நான் அந்தமான் கட்சி, ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. எங்கள் ஏஜென்ட் போட்ட திட்டத்தில் கடைசி இரவு ஹேவ்லாக்கில், மறுநாள் காலைக் கப்பலில் போர்ட் பிளேர், மதியம் விமானம். அன்று காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது, கப்பல் ரத்து. கப்பல் காசு திரும்ப வந்தது, விமானக் காசு போனதுதான். புதிதாக எடுத்த டிக்கெட், ஒரு கூடுதல் இரவு எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல் பழுத்தது. பிப்ரவரியில் கடல் பெரும்பாலும் அமைதிதான். இருந்தாலும் கடைசி இரவு போர்ட் பிளேரில் இருக்கிற மாதிரி போடச் சொல்லுங்கள், அதற்குக் கூடுதலாக ஒரு பைசா செலவில்லை.

இன்னொன்று, அங்கே பிப்ரவரியில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ராதாநகர் கடற்கரையை மாலைக்கு வைத்துவிட்டு மதியம் தூங்கினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். ஹேவ்லாக்கில் டாக்சிக்குப் பதில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுங்கள், நாளுக்கு 600 கொடுத்தோம். லைசென்ஸை மறக்காமல் கொண்டுபோங்கள்.

நெய்தல்_நிலா

படகு வீட்டை எல்லாரும் ஈசியாக வெட்டிவிட்டீர்கள். எங்கள் பயணத்திலேயே அந்த இரவுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் ‘ஒரு நாள்’ என்று சொன்னாலும் மதியம் 12-க்கு ஏற்றி, மாலை ஐந்தரைக்குக் கரையில் கட்டிவிடுவார்கள், காலை 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள். ஓடுவது ஐந்து மணி நேரம், இரவெல்லாம் நிற்கிற படகு. எங்கள் படகில் ஏசி இரவு ஒன்பதுக்கு மேல்தான் போட்டார்கள், பிப்ரவரி மதியம் வெந்துபோனோம். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம், கரிமீன் பொரித்தது மட்டும் தனிக்காசு. காயலைப் பார்த்தால் போதும் என்றால் ஷிகாரா படகை இரண்டு மணி நேரம் எடுக்கலாம், செலவு பலமடங்கு குறையும்.

ஜாலி_ஜீவா

சிட்டை அக்கா, நாங்க போனப்ப விமானம் 18,500தான் ஆச்சு, பில் இருக்கு. ஆனா அது மே மாசம், டிக்கெட் எடுத்தது ஜனவரியில். சாப்பாட்டுக் கணக்கை நான் விட்டுட்டேன், அது உண்மை. இருந்தாலும் அந்தமான்தான்.

வைகைக்கரை

நேற்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டது இது. அந்தமான் என்றால் நீல் இல்லாமல் 5 இரவு, கடைசி இரவு போர்ட் பிளேர், சுமார் 76,500. ஸ்கூபா ஒருத்தர் மட்டும் போகலாம், அது யார் என்பதில் சண்டை ஓடுகிறது. மூணாறு என்றால் போடி வழி, 7,400-க்குள் அறை, 4 இரவு, சாப்பாட்டுக்கு நாளுக்கு 1,500 வைத்து ஐம்பதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. மிச்சம் இருபத்தொன்பதாயிரத்தை எடுத்துவைத்து அடுத்த வருஷம் கடலுக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். அடுத்த வருஷம் யாருக்குத் தெரியும் என்று அவங்க சொல்கிறாங்க.

ஒரு சந்தேகம். அவங்க ஆதாரில் அப்பா பெயர்தான் இனிஷியல். கல்யாணத்துக்கு முன்பே விமான டிக்கெட் போட்டால் எந்தப் பெயரில் போடுவது?

கடல்காக்கை

ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள், இனிஷியலை மட்டும் விரித்து எழுதுங்கள். பெயர் மாற்றுகிற வேலையைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் சண்டையை முடித்து டிக்கெட்டை எடுங்கள், தினம் ஐந்நூறு ஆயிரம் என்று ஏறிக்கொண்டே இருக்கும்.