"Send original": அசலா, மூலமா, உள்ளபடியா?

மீனாட்சி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அரட்டைச் செயலியின் தமிழாக்கத்தில் இரண்டு வரிகள் மட்டும் பாக்கி.

```
send_compressed = "Send compressed"
send_original   = "Send original"
```

படத்தைத் தேர்ந்தெடுத்ததும் அடியில் வரும் இரண்டு பொத்தான்கள் இவை. முதலாவதை அழுத்தினால், செயலி படத்தின் நீள அகலத்தைக் குறைத்து, மறுபடி ஒரு ஜேபெக் கோப்பாக எழுதி அனுப்பும். இரண்டாவதை அழுத்தினால் கோப்பில் கைவைக்காமல் அனுப்பும். முன்பு யாரோ "அசலை அனுப்பு" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை என் அம்மாவிடம் காட்டினேன். அழுத்தவே பயப்படுகிறார். "அசலைக் கொடுத்துட்டா நம்மகிட்ட என்ன இருக்கும்?" என்கிறார். அவர் கேட்பது சரிதான். பத்திரத்தின் அசலைக் கொடுத்தால் கையில் நகல்தான் மிஞ்சும். இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. வேறு சொல் வேண்டும்.

பாலு எழுதியது:

ஸ்டூடியோ வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் கடையில் "ஒரிஜினல் அனுப்புங்க, டாக்குமெண்டா போடுங்க" என்றுதான் சொல்வோம். அது எல்லோருக்கும் புரிகிறது.

போன மாதம் ஒருவர் இறந்துபோன தன் அப்பாவின் படத்தை 12x16 அங்குலச் சட்டத்துக்குக் கேட்டார். குடும்பக் குழுவில் வந்த படத்தைத்தான் எனக்கு அனுப்பியிருந்தார். திறந்து பார்த்தால் 1600x1200 புள்ளி. 16 அங்குலத்தில் 1600 புள்ளியைப் பரப்பினால் அங்குலத்துக்கு 100 தான் வரும். நான் 200க்குக் கீழே போக விரும்புவதில்லை. கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் பெரியவர் நெற்றியில் மூன்று கோடாக இருக்க வேண்டிய திருநீறு ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. படம் எடுத்த பேரனைத் தேடிப் பிடித்து, டாக்குமெண்டாக வாங்கினோம். அது 4000x3000. அங்குலத்துக்கு 250. மூன்று கோடும் தனித்தனியாக வந்தது, மீசையில் நரை எது கறுப்பு எது என்றுகூடத் தெரிந்தது.

அந்தப் பேரன் போனை மாற்றும்போது படத்தை அழித்திருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது.

இரவி எழுதியது:

பாலு அண்ணா, இவ்வளவு அலைய வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் 2023லிருந்து `HD` இருக்கிறது. அதை அழுத்தினால் அசல் அப்படியே போகும். குழுவில் வந்த படமாக இருந்தாலும் அதையே டாக்குமெண்டாகத் திருப்பி அனுப்பச் சொன்னால் தரம் வந்துவிடும். அதனால் சொல் "உயர்தரத்தில் அனுப்பு" என்றே இருக்கட்டும்.

தமிழ்ச்செல்வன் எழுதியது:

தம்பி சொன்னதில் பாதி சரி. என் போனில் சோதித்தபோது `HD` நீளப் பக்கத்தைக் கிட்டத்தட்ட 4000 புள்ளி வரை விட்டுவைத்தது. பதிப்புக்குப் பதிப்பு இது மாறலாம். ஆனால் அந்தக் கணக்கில் பாலுவின் சட்டத்துக்கு `HD` போதும். ஆனாலும் அது அசல் இல்லை. புள்ளிகள் குறையாவிட்டாலும் கோப்பு மறுபடி ஜேபெக்காக எழுதப்படுகிறது, அப்போது நுணுக்கம் கொஞ்சம் போகும். ஐயம் இருந்தால், அனுப்பியதையும் வந்ததையும் ஒரே கணினியில் வைத்துப் பாருங்கள்:

```
sha256sum anuppiyathu.jpg vandhathu.jpg
```

இரண்டு வரியிலும் கோப்புப் பெயருக்கு முன்னால் வரும் நீண்ட எண்ணெழுத்துக் கோவை ஒன்றாக இருந்தால்தான் ஒரு பைட்டும் மாறவில்லை என்று அர்த்தம். டாக்குமெண்டாக அனுப்பினால் ஒன்றாக வரும். `HD`யில் வராது.

இரவியின் இரண்டாவது யோசனையால் படம் மீளாது. குழுவில் வந்த படம் ஏற்கெனவே சுருங்கியது. அதை டாக்குமெண்டாக அனுப்பினால் அந்தச் சுருங்கிய கோப்பு மாறாமல் போய்ச் சேரும், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். `IMG-20240512-WA0007.jpg` என்று நடுவில் `WA` இருந்தால் அது ஒருமுறை வாட்ஸ்அப் வழியாக வந்த படம். பாலு, கடையில் முதலில் அந்தப் பெயரைப் பாருங்கள்.

எது முதலில் கெடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சம் இருட்டு விவரத்தை ஜேபெக் ஒவ்வொரு புள்ளிக்கும் வைத்துக்கொள்ளும். நிற விவரத்தை வழக்கமாக நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துத்தான் வைக்கும். அதனால் பத்திரப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் கறுப்பு எழுத்து படிக்கும்படி இருக்கும்போதே, அதன்மேல் குத்திய சிவப்பு முத்திரையின் சிறிய எழுத்து கலங்கிவிடும். முத்திரைத் தேதி தேவைப்படும் வக்கீலுக்கு அனுப்புவதானால் கோப்பாக அனுப்புங்கள். பேருந்து நிலையத்தில் நேரப் பலகையைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புவதானால் சுருக்கியதே நல்லது. 4 எம்பி படம் நொடிக்கு 1 மெகாபிட் கிடைக்கும் இடத்தில் போய்ச் சேர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 300 கேபி ஆனது மூன்று நொடிக்குள் போகும். பெரிய படம் போய்ச் சேர்வதற்குள் பேருந்தே வந்துவிடலாம்.

ஆகவே "உயர்தரம்" வேண்டாம். மங்கலாக எடுத்த படம் மாறாமல் போனாலும் மங்கல்தான்.

சாமிநாதன் எழுதியது:

அன்புடையீர், இன்று எங்கு பார்த்தாலும் திருத்திய படங்கள், வெட்டி ஒட்டிய படங்கள். உண்மையான படத்துக்கென்று ஒரு பொத்தான் வைப்பது வரவேற்கத்தக்கது. "மெய்ப்படம்" என்று நல்ல தமிழில் வைக்கலாம். மற்றது "பொய்ப்படம்".

மீனாட்சி எழுதியது:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் இந்தப் பொத்தானுக்கு உண்மை பொய் தெரியாது. முகத்தை மாற்றி ஒட்டிய படத்தைத் தேர்ந்தெடுத்தாலும், அந்த ஒட்டிய கோப்பை மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். "மெய்ப்படம்" என்று எழுதினால் வாங்குபவர் அதை நம்பிவிடுவார். அந்தப் பொறுப்பை நாம் ஏற்க முடியாது.

வாணி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கட அலுவலகங்களில் "மூலப்பிரதி" என்றுதான் எழுதுவம், ஃபோட்டோக் கொப்பிக்கு "நிழற்பிரதி". "அசல்" விளங்கும், ஆனால் எங்கட நாவில் வராது. அதனால் "மூலப்படம்" சொல்லலாம் என்று நினைத்தேன். மீனாட்சியின் அம்மா சொன்னது அதற்கும் பொருந்துது. மூலப்பிரதியைக் குடுத்தால் அதுவும் கையை விட்டுப் போகுதுதானே?

நசீமா எழுதியது:

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. பழைய சைக்கிளை விற்க, வீட்டு வாசலில் நிறுத்திப் படமெடுத்தேன். கீறல் தெளிவாகத் தெரியட்டும் என்று, அறிமுகமில்லாத 200 பேர் இருந்த ஒரு விற்பனைக் குழுவில் டாக்குமெண்டாகவே போட்டேன். ஒருவர் முகவரி கேட்காமல் நேராக வீட்டுக்கு வந்து அழைப்புமணியை அடித்தார். எப்படி வந்தீர்கள் என்றால், "படத்துலயே இடம் இருந்துச்சு" என்கிறார். அவர் நல்ல மனிதர், சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. வீட்டில் நானும் மகளும் மட்டும்தான்.

போன் கேமராவில் இடக்குறிப்பு இயங்கினால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோப்புக்குள் எழுதப்பட்டுவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் கூடவே போகும். கணினியில் இப்படிப் பார்க்கலாம்:

```
exiftool -GPSPosition cycle.jpg
```

"அசல்", "ஒரிஜினல்", "உயர்தரம்" எல்லாம் பாராட்டுச் சொற்கள். ஜவுளிக்கடையில் "அசல் பட்டு" என்பதைப்போலக் கேட்கிறது. யார்தான் இரண்டாம் தரத்தை அழுத்துவார்? எனக்குத் தோன்றுவது "உள்ளபடி அனுப்பு". உள்ளது உள்ளபடி போகிறது என்றால், உள்ளே இருக்கும் இடமும் நேரமும் போகும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. கையில் இருப்பது போய்விடும் என்ற பயமும் வராது.

தமிழ்ச்செல்வன் எழுதியது:

நசீமா அக்கா சொன்ன சொல்லுக்கு என் ஓட்டு. மாறவில்லை என்பதை மட்டும் சொல்கிறது, தரத்தைப் பற்றி வாக்குறுதி தரவில்லை.

மற்ற பொத்தானுக்கும் ஒன்று. சில சொற்பட்டியல்களில் "இறுக்கிய" என்று இருக்கிறது. அதை நான் ஸிப் கோப்புக்கு வைத்துக்கொள்வேன். இறுக்கிக் கட்டிய மூட்டையை அவிழ்த்தால் உள்ளே வைத்தது வைத்தபடி வரும், ஸிப்பும் அப்படித்தான். படத்துக்கு நடப்பது அது இல்லை. தண்ணீரில் சுருங்கிய சட்டை போன்றது, இழுத்தாலும் பழைய அளவுக்கு வராது. ஆகவே இங்கே "சுருக்கி அனுப்பு".

இரவி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. `sha256sum` போட்டுப் பார்த்தேன், `HD`யில் வேறு வேறாகத்தான் வந்தது. ஆனால் ஒரு சிக்கல். "உள்ளபடி" பொத்தானில் நன்றாக இருக்கிறது, பெயர்ச்சொல்லாக நிற்காது. அமைப்புகள் பக்கத்தில் "Original size: 4.1 MB" என்று ஒரு வரி இருக்கிறதே, "உள்ளபடி அளவு" என்றா எழுதுவது?

வாணி எழுதியது:

அதில் "மூல அளவு" எண்டு வைக்கலாம். அளவு கையை விட்டுப் போகாது.

பாலு எழுதியது:

கடையில் நான் டாக்குமெண்டு என்றே சொல்வேன், வாடிக்கையாளரிடம் புதிதாகப் பாடம் நடத்த நேரமில்லை. பொத்தானில் "உள்ளபடி" இருந்தால் "அந்தப் பொத்தானை அழுத்துங்க" என்று காட்ட எளிதுதான். `WA` விஷயத்துக்கு நன்றி. இன்று வந்த ஒன்பது படத்தில் ஆறில் இருந்தது.

மீனாட்சி எழுதியது:

இப்போதைக்கு இப்படி ஏற்றிவிட்டேன்:

```
send_compressed = "சுருக்கி அனுப்பு"
send_original   = "உள்ளபடி அனுப்பு"
```

அம்மாவிடம் காட்டினேன். உள்ளபடியைத் தயங்காமல் அழுத்தினார். அதுவும் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் இடக்குறிப்பு போகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நசீமாக்கா நினைத்த அளவுக்குச் சொல் தனியாக எச்சரிக்காது. பொத்தானுக்குக் கீழே சிறிய எழுத்தில் "எடுத்த இடமும் நேரமும் சேர்ந்து போகும்" என்று ஒரு வரி வைக்க நிரலாளர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆங்கிலத்திலேயே அப்படி ஒரு வரி இல்லை, அதனால் ஒப்புக்கொள்வார்களா பார்க்க வேண்டும்.

"மூல அளவு", "அசல் அளவு" இரண்டில் எது என்பதை ஞாயிறு வரை திறந்து வைக்கிறேன். சிறிய திரையில் "உள்ளபடி அனுப்பு" இரண்டு வரியாக உடைகிறது. யாரிடமாவது 5 அங்குலப் போன் இருந்தால் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்புங்கள், சுருக்கியதே போதும்.